ஆடிப்பிறப்புப் பாட்டை யாரும் அச்சிடலாமா? இணையக் காப்பகங்களில் இருந்து கட்டற்ற ஆக்கங்களை எடுப்பது எப்படி

ஆடி மாதம் நெருங்கும்போது யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களில் சிறு மலர் ஒன்று வெளியிடும் பேச்சு எழுவது வழக்கம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைப் போடுவோம், பழைய பதிப்பின் பக்கத்தை இணையத்தில் இருந்து எடுப்போம், விழாவில் பாட்டின் ஒலிப்பதிவு ஒன்றை ஒலிபெருக்கியில் விடுவோம் என்று திட்டம் போகும். ஒருவர் “அது இணையத்திலை சும்மாதானே கிடக்கு” என்பார். இன்னொருவர் “வழக்குப் போட்டாங்கள் எண்டால் ஆர் நிக்கிறது?” என்று கேட்பார். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டுமென்றால், ஒரு ஆக்கம் எப்போது, யாருக்கு, எந்த அளவுக்குக் கட்டற்றதாகிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த ஒரு பாட்டையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு, தேடுவது முதல் கோப்பை இறக்கிச் சரிபார்ப்பது வரை போகிறது.

## இணையத்தில் கிடைப்பவை மூன்று வகை

1. பொதுக்களத்தில் உள்ளவை. பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன ஆக்கங்கள். இவற்றைப் படியெடுக்கலாம், அச்சிட்டு விற்கலாம், மாற்றலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

2. கட்டற்ற உரிமத்தோடு விடப்பட்டவை. பதிப்புரிமை இன்னும் உரிமையாளரிடமே இருக்கிறது. ஆனால் சில நிபந்தனைகளோடு எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அவரே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டார். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

3. வாசிக்க மட்டும் கிடைப்பவை. உரிமையாளர் ஒரு தளத்துக்கு அனுமதி கொடுத்திருப்பார், அல்லது யாரோ ஒருவர் அனுமதியே இல்லாமல் ஏற்றியிருப்பார். நம் கணினியில் இறங்குகிறது என்பதால் மறுபதிப்புச் செய்யும் உரிமையும் கூட வருவதில்லை.

குழப்பம் பெரும்பாலும் மூன்றாவது வகையில்தான். இறக்கும் பொத்தான் மூன்று வகைக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. பொத்தானைப் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. கணக்குப் பார்க்க வேண்டும்.

## ஆண்டுக் கணக்கு

இலங்கையில் இதை ஆள்வது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி எழுத்தாளரின் ஆயுட்காலமும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. அந்த 70 ஆண்டு, இறந்த திகதியோடு முடியாமல் எழுபதாவது ஆண்டின் டிசம்பர் 31 இல் முடியும். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரை வைத்து எண்ண வேண்டும். பெயர் தெரியாதவர் எழுதியது என்றால் வெளியான ஆண்டில் இருந்து 70.

சோமசுந்தரப் புலவர் 1878 இல் பிறந்து 1953 ஜூலையில் காலமானார். 1953 உடன் 70 கூட்டினால் 2023. ஆகவே 2024 ஜனவரி 1 முதல் அவருடைய பாடல் வரிகள் இலங்கையில் பொதுக்களத்தில் உள்ளன. ஆடிப்பிறப்புப் பாட்டின் வரிகளை மலரில் போடத் தடை இல்லை. இத்தனை காலமும் யாரும் கேட்காமலே அச்சிட்டு வந்தோம் என்பது வேறு கதை.

இதே கணக்கைத் தனிநாயகம் அடிகளுக்குப் போட்டால் நிலைமை மாறும். அவர் காலமானது 1980. ஆகவே 2050 முடியும்வரை அவருடைய எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அவருடைய கட்டுரையை இணையத்தில் வாசிக்கலாம். நூலாக மறுபதிப்பிட உரிமையாளரைத் தேடிப் போக வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பதிப்புரிமைக் காலம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பது. இந்தியாவில் ஆயுட்காலமும் 60 ஆண்டுகளும். அமெரிக்காவில் 1978 இற்கு முன் வெளியான நூல்களுக்குப் பொதுவாக வெளியான ஆண்டில் இருந்து 95 ஆண்டுகள் வரை, விதிவிலக்குகள் பலவற்றோடு.

முதலியார் செ. இராசநாயகத்தின் யாழ்ப்பாண வரலாற்று ஆங்கில நூல் 1926 இல் வெளிவந்தது; அவர் 1940 இல் காலமானார். அமெரிக்காவில் அது 2022 இல்தான் பொதுக்களத்துக்கு வந்தது; இலங்கையிலும் இந்தியாவிலும் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரே நூலுக்கு நாட்டுக்கு நாடு வேறு தேதி. இன்றைக்கு எல்லாம் கடந்துவிட்டதால் அந்த நூலில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் 1940 இல் வெளியாகி, ஆசிரியரும் 1950 இற்குள் இறந்துவிட்ட ஒரு நூல், நமக்குத் திறந்திருக்கும்போதே அமெரிக்காவில் 2035 வரை மூடியிருக்கக் கூடும்.

பெரிய காப்பகங்கள் பல அமெரிக்காவில் இருப்பதால் இதை நாம் நேரடியாக உணர்கிறோம். அங்கே வழங்கி வைத்திருக்கும் தளம் அந்த நாட்டுச் சட்டத்துக்குப் பயந்து பக்கத்தை மறைக்கும். மறுபக்கமாக, ஹாதிட்ரஸ்ட் போன்ற தளம் வாசகர் எந்த நாட்டில் இருந்து வருகிறார் என்று பார்த்து, அமெரிக்காவில் முழுதாகக் காட்டும் நூலை நமக்குக் காட்டாமல் விடுவதும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நாம் செய்யும் அச்சு வேலைக்கு இலங்கைச் சட்டக் கணக்கே முதன்மையானது. மலரைப் பிறகு கனடாவிலோ தமிழ்நாட்டிலோ விற்கப் போகிறோம் என்றால் அந்த நாட்டுக் கணக்கையும் போட வேண்டும்.

தமிழ்நாட்டு அரசின் நாட்டுடைமையாக்கம் இதில் இன்னொரு குறுக்குவழி. அரசு எழுத்தாளரின் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து உரிமையைப் பெற்று, நூல்களை எல்லோருக்கும் விட்டுவிடுகிறது. காலக்கெடுவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் நாட்டுடைமையாகும் பட்டியலில் பெரும்பாலும் இருப்பவர்கள் தமிழக எழுத்தாளர்கள். ஈழத்து எழுத்தாளருக்கு நாம் ஆண்டைத்தான் எண்ண வேண்டும்.

## ஒரு பாட்டுக்குள் எத்தனை உரிமை?

வரிகள் பொதுக்களத்தில் என்றவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பாட்டு வெங்காயத்தைப் போல உரிக்க உரிக்க அடுக்கு அடுக்காக வரும். ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்கலாம்.

1. வரிகள். புலவருடையவை. 2024 முதல் கட்டற்றவை.

2. மெட்டு. வழிவழியாகப் பாடிவந்த மெட்டு என்றால் உரிமையாளர் இல்லை. ஒரு சங்கீத ஆசிரியர் புதிதாக அமைத்த மெட்டு என்றால் அவருடைய ஆயுளும் 70 ஆண்டும். அவர் 1990 இல் காலமாகியிருந்தால் 2060 முடியும்வரை அது அவருடைய குடும்பத்துடையது.

3. பாடியவரும் ஒலிப்பதிவும். இலங்கைச் சட்டத்தில் பாடுபவருக்கும் ஒலிப்பதிவின் தயாரிப்பாளருக்கும் 50 ஆண்டு உரிமை. 1970 இல் வெளியான இசைத்தட்டு என்றால் அந்த அடுக்கு 2020 முடிவோடு போய்விட்டது. 2015 இல் ஒரு பாடசாலை மாணவி பாடி வெளியான ஒலிப்பதிவு என்றால் 2065 வரை இருக்கும்.

4. பதிப்பு. புலவரின் பாடல்களைத் தொகுத்து ஒருவர் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, பொருள் விளக்கம், சித்திரங்கள் எல்லாம் அந்தந்த ஆளுடையவை. 1990 களில் வந்த மறுபதிப்பின் பக்கத்தை அப்படியே படமாகப் போட்டால் வரிகளோடு சித்திரக்காரரின் உரிமையும் சேர்ந்து வந்துவிடும்.

இதில் இருந்து ஒரு நடைமுறை கிடைக்கிறது. மலருக்கு வேண்டியது வரிகள் மட்டும் என்றால் பழைய பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்து போடுவது பாதுகாப்பானது. பக்கத்தின் படமே வேண்டும் என்றால் கிடைப்பதில் மிகப் பழைய பதிப்பைத் தேட வேண்டும். மறுபதிப்பின் உட்பக்கத்தில் “அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை” என்று அச்சிட்டிருப்பது, முடிந்துபோன உரிமையை மீண்டும் உயிர்ப்பிப்பதில்லை. அது அந்தப் பதிப்பாளர் புதிதாகச் சேர்த்தவற்றுக்கு மட்டுமே பொருந்தும். பழைய பக்கத்தை ஸ்கேன் செய்தவர் அந்த எழுத்துக்குப் புதிய ஆசிரியர் ஆவதும் இல்லை. ஆனால் அவர் உழைத்திருக்கிறார். யார் ஸ்கேன் செய்தார்கள் என்று குறிப்பிடுவது மரியாதை.

பழைய சினிமாப் பாட்டுகளிலும் இதே அடுக்குத்தான் ஆட்களைத் தடுக்கி விழுத்துகிறது. 1944 இல் வந்த ஹரிதாஸ் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்கு வெளியீட்டில் இருந்து 60 ஆண்டு, ஆகவே படம் என்ற அளவில் 2004 முடிவோடு காலம் கடந்துவிட்டது. ஆனால் பாடல் வரிகளை எழுதிய பாபநாசம் சிவன் காலமானது 1973 இல். வரிகளைத் தனியே எடுத்து ஒரு பாட்டுப் புத்தகம் போட்டால் அவருடைய கணக்கு இந்தியாவில் 2033 வரைக்கும், இலங்கையில் 2043 வரைக்கும் ஓடுகிறது.

## எங்கே தேடுவது, எப்படித் தேடுவது

ஈழத்து நூல் என்றால் முதலில் noolaham.org. 2005 இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் நூல்களோடு பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நினைவு மலர்களும் இருக்கின்றன. நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதில் நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் ஆகியவை இருக்கும். “வாசிக்க” என்ற தலைப்பின் கீழே பிடிஎப் கோப்பும் அதன் அளவும். இங்கே இருப்பவை எல்லாம் பொதுக்களம் என்று எண்ணிவிட வேண்டாம். இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர்களின் நூல்களும் அதில் உள்ளன. அவை மேலே சொன்ன மூன்றாவது வகை: வாசிக்கலாம், மறுபதிப்புக்கு உரிமையாளரைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது மதுரைத் திட்டம். 1998 இல் தொடங்கியது. இங்கே ஸ்கேன் பக்கம் அல்ல, தட்டச்சிட்டுப் பிழை பார்த்த பாடமே கிடைக்கும். தேடலாம், வெட்டி ஒட்டலாம். கோப்பின் முதல் பக்கத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தால் யாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது அதன் நிபந்தனை. அந்தப் பக்கத்தில்தான் தட்டச்சிட்டவர், பிழை பார்த்தவர் பெயர்கள் இருக்கும். தற்கால எழுத்தாளர்கள் அனுமதி கொடுத்த நூல்களும் அங்கே உண்டு, ஆகவே ஆண்டுக் கணக்கு இங்கும் தேவை.

மூன்றாவது archive.org. அமெரிக்காவில் 1996 இல் தொடங்கிய இது கடல். நூல், படம், ஒலி எல்லாம் உண்டு. இந்திய எண்ணிம நூலகத் திட்டத்தில் ஸ்கேன் செய்யப்பட்ட தமிழ் நூல்கள் ஏராளம் இங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. தேடுபவர் சோர்ந்து போவதும் இங்கேதான், ஏனென்றால் தலைப்பை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சோமசுந்தரப் புலவரைத் தேடுவதற்குக் குறைந்தது இத்தனை வடிவம் தேவைப்படும்:

- சோமசுந்தரப் புலவர், சோமசுந்தரப்புலவர், சோமசுந்தர புலவர்
- `Somasundara Pulavar`, `Somasundarap Pulavar`
- `Comacuntarap Pulavar`

கடைசி வடிவத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் தமிழை எழுத்துக்கு எழுத்து உரோம வரிவடிவில் எழுதும் முறை அது. “ச” எப்போதும் `c` ஆகும், “ட” எப்போதும் `t` ஆகும். நல்ல விவரக் குறிப்புள்ள பழைய நூல்கள் பல இந்த வடிவத்தின் கீழ்தான் ஒளிந்திருக்கின்றன.

ஆசிரியர் பெயரில் அகப்படவில்லை என்றால் மொழியையும் காலத்தையும் வைத்து வடிகட்டலாம். தேடல் பெட்டியில் இதை அப்படியே இடுங்கள்:

```
mediatype:texts AND (language:tam OR language:Tamil) AND date:[1850-01-01 TO 1930-12-31]
```

இதோடு `AND Jaffna` என்று சேர்த்தால் யாழ்ப்பாணத்தில் அச்சான நூல்கள் சில மேலே வரும். நூலின் உள்ளே இருக்கும் சொல்லை வைத்துத் தேடுவதில் மட்டும் அதிக நம்பிக்கை வேண்டாம். காப்பகம் முன்பு பயன்படுத்திய எழுத்துணரி மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் காலத்தில் ஏற்றிய நூல்களின் முழுப் பாடக் கோப்பைத் திறந்தால், இந்த மொழியை எழுத்துணர முடியாது என்ற ஒற்றை வரிதான் இருக்கும். தேடியது கிடைக்கவில்லை என்றால் நூல் அங்கே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

## உரிமைக் குறிப்பை எவ்வளவு நம்பலாம்?

காப்பகப் பக்கத்தில் `Usage` என்ற வரி இருக்கும். அதில் பொதுக்களம் என்றோ ஒரு கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் என்றோ போட்டிருக்கலாம். அதை நிரப்பியது காப்பகம் அல்ல, ஏற்றிய ஆள். நேற்று வந்த சினிமாப் படத்தை ஏற்றிவிட்டு “பொதுக்களம்” என்று தெரிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். இந்திய எண்ணிம நூலகப் பதிவுகளில் உரிமைக் காலம் முடிந்தது என்ற குறிப்பு ஆசிரியர் இறந்த ஆண்டைப் பார்க்காமலே போடப்பட்ட இடங்களும் உண்டு. ஆகவே அந்த வரியைச் சாட்சியமாக அல்ல, துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்றே:

1. ஏற்றியவர் யார்? ஆசிரியரோ, உரிமை வைத்திருக்கும் நிறுவனமோ, நூலகமோ என்றால் ஒரு எடை. புனைபெயரில் நூற்றுக்கணக்கான புதுப் படங்களை ஏற்றியவர் என்றால் விட்டுவிடலாம்.

2. உட்பக்கம் என்ன சொல்கிறது? ஸ்கேனில் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் திறந்து பதிப்பாண்டைப் பாருங்கள். பதிவில் 1930 என்றும் பக்கத்தில் 1972 என்றும் இருப்பது அபூர்வம் அல்ல.

3. ஆசிரியர் எப்போது இறந்தார்? விக்கிப்பீடியா, நினைவு மலர், நூலகம் தளத்தின் ஆளுமைப் பக்கம் என்று இரண்டு இடத்தில் ஒத்துப்போனால் போதும்.

`Borrow` என்ற பொத்தான் உள்ள நூல்கள் வேறு இனம். அவை பதிப்புரிமை உள்ள நூல்கள். கொஞ்ச நேரத்துக்கு இரவல் தருகிறார்கள். அங்கிருந்து கிடைக்கும் கோப்பு பூட்டோடு வரும், தவணை முடிந்தால் திறக்காது. இந்த இரவல் முறையை எதிர்த்துப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில் 2023 இலும், மேன்முறையீட்டில் 2024 இலும் காப்பகத்துக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. பழைய இசைத்தட்டுகளை ஏற்றியதற்காக இசை நிறுவனங்களும் 2023 இல் வழக்குப் போட்டன. காப்பகத்தில் இருக்கிறது என்பது மட்டும் ஏன் போதாது என்பதற்கு இந்த இரண்டு வழக்குமே போதிய விளக்கம்.

கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் பார்க்க வேண்டியது அதன் சுருக்க எழுத்துகள். `BY` என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். `SA` என்றால் மாற்றியமைத்ததை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். `NC` என்றால் வணிகத்துக்கு ஆகாது. `ND` என்றால் மாற்றியமைத்ததை வெளியிடக் கூடாது. `CC0` என்றால் நிபந்தனையே இல்லை. `NC` படத்தை அட்டையில் போட்டுவிட்டு மலரை விலை வைத்து விற்றால் நிபந்தனை மீறல் என்ற சிக்கல் வரும். நிலையத்தின் கூரைக்குக் காசு சேர்க்கத்தான் விற்றோம் என்பது நல்ல விளக்கமாக இருக்கலாம், உறுதியான பாதுகாப்பு அல்ல. `SA` படத்தை மாற்றாமல் போட்டால் முழு மலரும் அந்த உரிமத்துக்குள் வந்துவிடாது. படத்தின் மேல் வேலை செய்து புதிய படமாக்கினால் அந்தப் படத்தை மட்டும் அதே உரிமத்தில் விட வேண்டும்.

## கோப்பை இறக்குதல்

archive.org பக்கத்தில் `DOWNLOAD OPTIONS` என்ற பெட்டியைத் திறந்தால் ஒரே நூலுக்குப் பத்துக் கோப்பு வரை இருக்கும். எதை எடுப்பது என்பது வேலையைப் பொறுத்தது.

வாசிப்பதற்குப் `PDF` போதும். `EPUB` உம் `FULL TEXT` உம் கணினி எழுத்துணர்ந்து தானாக உண்டாக்கியவை; பழைய அச்சுத் தமிழில் அவை பெரும்பாலும் குப்பையாக இருக்கும். கைத்தொலைபேசிக்கு வசதி என்று அதை எடுத்துவிட்டு நூலே பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. அச்சுக்குப் பக்கப் படம் வேண்டும் என்றால் `SINGLE PAGE PROCESSED JP2 ZIP` என்பதை எடுங்கள். காப்பகம் உண்டாக்கும் பிடிஎப் கோப்பில் இடத்தை மிச்சப்படுத்த எழுத்தையும் பின்னணியையும் பிரித்துச் சுருக்குகிறார்கள். எழுத்து ஓரளவு தெளிவாக நிற்கும்; சித்திரமும் புகைப்படமும் மங்கிப் போகும். படத் தொகுப்பு பிடிஎப்பைவிடப் பல மடங்கு பெரியது, ஆகவே தொலைபேசி டேட்டாவில் இறக்க வேண்டாம்.

இணைப்பு இடையில் அறுந்தால் உலாவி பல வேளை முதலில் இருந்து தொடங்கும். கணினியில் `wget` என்ற இறக்கும் கருவி இருந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். முகவரியில் `archive.org/details/` என்பதற்குப் பின்னால் வரும் துண்டுதான் அந்த ஆக்கத்தின் அடையாளம். கீழே `IDENTIFIER` என்ற இடத்தில் அதையும், `FILE.pdf` என்ற இடத்தில் கோப்பின் பெயரையும் இடுங்கள்:

```
wget -c https://archive.org/download/IDENTIFIER/FILE.pdf
```

பல நூல்களை எடுக்கும் வாசிகசாலைக்குக் காப்பகத்தின் சொந்தக் கருவி இன்னும் வசதி:

```
pip install internetarchive
ia download IDENTIFIER --glob="*.pdf"
```

இறங்கியபின் சரிபார்ப்பு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு அச்சகத்தில் போய் நின்றுகொண்டு தலையில் கை வைக்கிறார்கள்.

1. அளவு. `SHOW ALL` பட்டியலில் காட்டும் அளவும் நம் கோப்பின் அளவும் ஒன்றா? குறைவென்றால் பாதியில் நின்றுவிட்டது.

2. கோப்பின் தலை. பல மெகாபைட் இருக்க வேண்டிய நூல் சில கிலோபைட்டில் முடிந்து, திறக்கவும் மறுக்கிறது என்றால் அதை எழுத்துத் தொகுப்பியில் திறந்து பாருங்கள். உண்மையான பிடிஎப் `%PDF` என்று தொடங்கும். `<!DOCTYPE html>` என்று தொடங்கினால் நூலுக்குப் பதிலாக ஒரு பிழைச் செய்திப் பக்கம் `.pdf` என்ற பெயரில் இறங்கியிருக்கிறது.

3. கைரேகை. அதே பட்டியலில் `_files.xml` என்று முடியும் கோப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் `md5` எண் இருக்கும். விண்டோஸில் கீழே உள்ள கட்டளையை ஓட்டி இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். லினக்ஸ் என்றால் `md5sum FILE.pdf`.

```
certutil -hashfile FILE.pdf MD5
```

4. பக்கங்கள். எண் சரியாக வந்தாலும் ஸ்கேன் செய்யும்போதே பக்கம் தவறியிருக்கலாம். இந்திய எண்ணிம நூலகக் கோப்புகளில் இது அடிக்கடி. அச்சிட்ட பக்க எண்ணை அங்கங்கே பார்த்து, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தவறியிருந்தால் அதே நூலின் இன்னொரு ஸ்கேனைத் தேடி அந்தப் பக்கத்தை மட்டும் எடுக்கலாம்.

தேவையான கோப்பைக் கண்டவுடன் இறக்கி இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. 2024 ஒக்டோபரில் இணையத் தாக்குதலால் archive.org பல நாட்கள் திறக்கவில்லை. அந்த வாரத்தில் மலர் அச்சுக்குப் போக வேண்டி இருந்திருந்தால் முகவரியைக் குறித்து வைத்தது உதவியிருக்காது.

## படம் காட்டுவது

விழாவில் பிள்ளைகளுக்குப் படம் போடுவது என்றால் பழைய படங்களைத் துருவுவதைவிட, தொடக்கத்திலேயே கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தவற்றை எடுப்பது சுகம். பிளெண்டர் அறக்கட்டளையின் பிக் பக் பனி (2008), சின்டெல் (2010) ஆகிய அசைவூட்டப் படங்கள் `CC BY` உரிமத்தில் உள்ளன. பெயரைச் சொன்னால் போதும். திரையிடலாம், தமிழில் குரல் கொடுத்து வெளியிடவும் செய்யலாம். சின்ன வகுப்புக்கு முதலாவது ஏற்றது. இரண்டாவதில் சண்டையும் சோகமும் உண்டு, முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

பழைய படங்களில் நாட்டு எல்லை மீண்டும் குறுக்கே வரும். 1968 இல் வந்த நைட் ஒவ் த லிவிங் டெட் என்ற பேய்ப் படம் அமெரிக்காவில் பொதுக்களத்தில் இருக்கிறது. தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனதுதான் காரணம். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அது போதுமாயிருந்தது. அந்தத் தவறு அந்த நாட்டுக்கு உரியது. இலங்கைச் சட்டம் திரைப்படத்துக்கு 70 ஆண்டு தருகிறது, குறிப்பு இருந்ததா இல்லையா என்று கேட்பதில்லை. பொதுக்களப் படப் பட்டியல் என்று இணையத்தில் சுற்றுபவை பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில் போட்டவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

## மலரின் கடைசிப் பக்கம்

இனி நம் மலருக்கு வருவோம். வரிகள் கட்டற்றவை. பக்கப் படம் பழைய பதிப்பில் இருந்து எடுத்தது. அட்டைக்கு விக்கிமீடியா கொமன்ஸில் ஒரு கொழுக்கட்டைப் படம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். உரிமைக் குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

> பாடல்: நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953), பொதுக்களம்.
> பக்கப் படம்: நூலகம் எண்ணிம நூலகம், நூலக எண் (இங்கே எண்).
> அட்டைப் படம்: (எடுத்தவர் பெயர், படத்தின் முகவரி), CC BY-SA 4.0, மாற்றப்படவில்லை.

ஒலிப்பதிவுதான் மிச்சம். யூடியூப்பில் கிடைப்பது யார் பாடியது, யார் மெட்டு, எப்போது பதிவானது என்று தெரியவில்லை என்றால் அதை விட்டுவிடலாம். வரிகள் கட்டற்றவை என்பதால் நிலையத்துப் பிள்ளைகளையே வழிவழி வந்த மெட்டில் பாட வைத்துத் தொலைபேசியில் பதிவு செய்யலாம். அப்போது பாடியவரின் உரிமையும் பதிவின் உரிமையும் அங்கேயே இருக்கும். பெற்றோரின் சம்மதத்தோடு அதை archive.org இல் ஏற்றும்போது உரிமத்துக்கான இடத்தில் `CC BY` ஐத் தெரிவு செய்து, விவரப் பகுதியில் வரிகள் யாருடையவை, மெட்டு எங்கிருந்து வந்தது, பதிவான ஆண்டு எது என்ற மூன்றையும் தமிழிலும் உரோம எழுத்திலும், புலவரின் பெயரை மேலே சொன்ன எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் எழுதிவிடுங்கள். அடுத்த ஆடிக்கு வேறொரு ஊரில் இதே பாட்டைத் தேடுபவர் மேலே சொன்ன எழுத்துக்கூட்டல்களில் எதைப் போட்டாலும் பதிவு அகப்படும்.